பயிற்சித்தாள்: பாறைச் சுழற்சியும் நிலநடுக்கமும்

ஒன்பதாம் வகுப்பு, சமூக அறிவியல். நேரம்: 40 நிமிடம். மதிப்பெண்: 25
விடைகளை நோட்டில் எழுதுங்கள். காரணம் கேட்ட இடத்தில் காரணம் எழுதாவிட்டால் பாதி மதிப்பெண்தான்.

பகுதி அ: பொருத்துக (7)

ஒரு விடை மிச்சமாகும். அது எந்தப் பாறை என்று நீங்களே பெயர் எழுத வேண்டும்.

1. கிரானைட்
2. பசால்ட்
3. மணற்கல்
4. சுண்ணாம்புக்கல்
5. சலவைக்கல்
6. சிலேட்டு

அ) கிரானைட் மிகுந்த வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆளாகி, வெளிர், கரும் பட்டைகளாக மாறியது.
ஆ) லாவா நிலத்தின் மேல் வழிந்து சீக்கிரம் ஆறியது. படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை.
இ) கடலடியில் சிப்பி, கிளிஞ்சல் போன்றவற்றின் ஓடுகள் படிந்து இறுகியது.
ஈ) களிப்பாறை அழுத்தத்தில் உருமாறி, ஏடு ஏடாகப் பிரியும் கல்லானது.
உ) ஆறும் காற்றும் கொண்டுவந்த மணல், அடுக்கடுக்காகப் படிந்து ஒட்டிக்கொண்டது.
ஊ) பாறைக் குழம்பு ஆழத்திலேயே மெதுவாக ஆறியது. படிகங்கள் கண்ணுக்கே தெரியும்.
எ) சுண்ணாம்புக்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடிகமானது.

பகுதி ஆ: பாறைச் சுழற்சி (6)

7. மேஜை மேல் பசால்ட், சுண்ணாம்புக்கல், சலவைக்கல் மூன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஆணியால் சுரண்டி, அந்தத் தூளின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். எந்த இரண்டில் குமிழ் வருகிறது? இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வது ஏன்?

8. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அம்மோனைட் என்ற கடல் உயிரியின் சுருள் ஓடு புதைபடிவமாகக் கிடைக்கிறது. அங்கே ஒரு காலத்தில் என்ன இருந்திருக்க வேண்டும்? கிரானைட்டுக்குள் இப்படி ஒரு ஓடு கிடைக்குமா?

9. ‘தீப்பாறை முதலில் படிவுப்பாறை ஆகும், பிறகுதான் உருமாறிய பாறை ஆகும்.’ சரியா, தவறா? பகுதி அ-விலிருந்தே ஒரு சான்று காட்டுங்கள்.

பகுதி இ: தட்டுகள் நகரும்போது (12)

படியுங்கள்: புவியின் மேலோடும் அதை ஒட்டிய மேல் கவசத்தின் உறுதியான பகுதியும் சேர்ந்ததே புவித்தட்டு. அதற்குக் கீழே இருப்பது தீக்குழம்புக் கடல் என்று எழுதாதீர்கள். கவசம் திடப்பொருள்தான், ஆனால் கடும் வெப்பத்தால் மிக மிக மெதுவாக நகர்ந்து கொடுக்கும். தட்டுகள் எங்கும் ஒரே சீராக வழுக்குவதில்லை. ஓரங்களில் பாறையோடு பாறை சிக்கிக்கொள்ளும், தள்ளுவது மட்டும் நிற்காது. வளைந்து சேர்ந்த விசையைப் பாறையால் தாங்க முடியாதபோது அது சட்டென்று நழுவுகிறது. அந்த அதிர்வே நிலநடுக்கம்.

10. ஐஸ்லாந்து, இமயமலை, கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு: தட்டுகள் விலகுவது, மோதுவது, உரசிச் செல்வது எங்கெங்கே?

11. இந்தியத் தட்டின் நகர்வில் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. இமயமலைப் பகுதியில் அமுங்குகிறது. ஓரிடத்தில் பிளவு 50 ஆண்டு நழுவாமல் இறுகி நின்றால் எத்தனை மீட்டர் நகர்வு பாக்கி சேரும்? 2015 நேபாள நிலநடுக்கத்தோடு (7.8 ரிக்டர் என்று பேச்சில் சொல்வார்கள்) இதை இணைத்து எழுதுங்கள்.

12. 2004 டிசம்பர் 26 காலை 6:28க்குச் சுமத்ரா அருகே நிலநடுக்கம் (அளவு 9.1). நம் கரைக்குச் சுனாமி வரச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது. கடலடி நிலநடுக்கம் எல்லாமே சுனாமியை எழுப்புவதில்லையே, இது ஏன் எழுப்பியது?

13. P அலை விநாடிக்கு 6 கி.மீ., S அலை 3.5 கி.மீ. 210 கி.மீ. தள்ளியுள்ள நிலநடுக்கமானியில் இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு?

விடைக்குறிப்பு (ஆசிரியர் பிரதி)

1-ஊ, 2-ஆ, 3-உ, 4-இ, 5-எ, 6-ஈ. மிச்சம் அ: நைஸ்.
7: சுண்ணாம்புக்கல், சலவைக்கல். இரண்டும் கால்சியம் கார்பனேட். வடிவம் மாறினாலும் பொருள் மாறவில்லை. குமிழ் மெல்லியது, அவசரப்படும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும்; மறுபடி செய்யச் சொல்லவும்.
8: கடல். கிரானைட்டில் கிடைக்காது, பாறைக் குழம்பில் ஓடு தப்பாது.
9: தவறு. கிரானைட் நேரடியாக நைஸ் ஆகிறது.
10: விலகல், மோதல், உரசல்.
11: 1 மீட்டர். ‘பூமிக்குள் வாயு வெடித்தது’ என்ற விடைக்கு மதிப்பெண் வேண்டாம். சேர்ந்த நகர்வு ஒரேயடியாக நழுவியது என்று வர வேண்டும்.
12: இந்தியத் தட்டு சுமத்ராவின் அடியில் அமிழ்கிறது. 1,200 கி.மீ.க்கும் மேல் நீளமான பிளவு நழுவி, கடல்தரை மேலும் கீழுமாக நகர்ந்து முழு நீர்த்தம்பத்தையும் தூக்கியது. பக்கவாட்டில் உரசும் பிளவு இப்படித் தூக்காது.
13: 35 விநாடி, 60 விநாடி, இடைவெளி 25 விநாடி. இதே கணக்கை மூன்று நிலையங்களில் போட்டு மூன்று வட்டம் வரைந்தால், அவை வெட்டும் இடமே மேல்மையம். நேரம் இருந்தால் கரும்பலகையில் வரைந்து காட்டவும்.