மூக்கு வைத்த ஒன்று

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரமே சுமதி மிஸ் கணக்குத் தாள்களைக் கொடுத்துவிட்டார். கொடுத்து முடித்ததும் மேசையில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னார்.

"எட்டாவது கேள்வி. ஏழுக்கும் பதினைஞ்சுக்கும் மீப்பெரு பொதுக் காரணி, மீ.பெ.கா. வகுப்புல ஒருத்தர்கூட சரியா எழுதல. பாதிப் பேர் ஏழுன்னு போட்டிருக்கீங்க. மீதிப் பேர் நூத்தியஞ்சு. அது மீ.பெ.கா இல்ல, மீச்சிறு பொது மடங்கு, மீ.சி.ம. ஒண்ணுன்னு எழுத ஒருத்தருக்கும் தோணலயா?"

முகிலன் தாளைப் புரட்டினான். அவன் ஒன்றுதான் எழுதியிருந்தான். அதன் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. மொத்தம் 60-க்கு 31.

முகிலனுக்குக் கணக்கு எப்போதுமே இழுபறிதான். வகுப்பில் முதல் வரிசைக்காரர்கள் தவறவிட்ட ஒரு கேள்விக்கு அவன் மட்டும் விடை கண்டிருந்தான். 7-ஐ எழுதப் போன கையை நிறுத்தி, 15-ஐ ஏழு வகுக்குமா என்று யோசித்து, வகுக்காது என்று தெரிந்த பிறகு எழுதிய விடை அது. எழுந்து சொல்ல வாய் வந்தது. 31 வாங்கியவன் சொன்னால் யார் நம்புவார்கள் என்று உட்கார்ந்துவிட்டான். அந்த வயதில் இந்தக் கணக்கை மட்டும் பிள்ளைகள் தப்பாமல் போட்டுவிடுகிறார்கள், அதுதான் வருத்தம்.

முத்தியால்பேட்டை வீட்டில் அம்மா தாளில் கையெழுத்துப் போட்டார். "ஒரு மார்க்குதானே, விடு. அடுத்த பரீட்சையில பாத்துக்கலாம்."

தாத்தா விடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.

"ஒண்ணுதானே எழுதியிருக்க. எதுக்குத் தப்பு போட்டிருக்காங்க?"

"மிஸ் அதை ஏழுன்னு நெனச்சிட்டாங்க தாத்தா."

"ஏழுன்னா நடுவுல கோடு இருக்கணுமே?"

முகிலன் தரையைப் பார்த்தான்.

அவனுக்கு எண்களை எழுதக் கற்றுக்கொடுத்தது தாத்தாதான். பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே, திண்ணையில் உட்காரவைத்து, சிலேட்டில். தாத்தா படித்தது புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில். 1954 நவம்பர் 1 அன்று ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்து மாறியபோது அவர் இரண்டாம் வகுப்பு. ஆட்சி மாறியும் வாத்தியார் மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை. பிற்பாடு மில்லில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த காலம் முழுக்க, பேரேட்டில் அவர் போட்ட ஒன்றுக்கெல்லாம் மேலே நீளமாக ஒரு மூக்கு இருக்கும். பாதி உயரத்தில் தொடங்கி, சாய்வாக மேலே ஏறி, அப்புறம் நேராக இறங்கும். அப்படி எழுதினால் ஏழு மாதிரி தெரியாதா என்றால், தெரியும். அதனால்தான் அவர் ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு. மூக்கும் கோடும் ஜோடி. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விட முடியாது.

"கோடு எங்கடா?"

"ஜூன்லயே எடுக்கச் சொல்லிட்டாங்க தாத்தா. ஏழை எழுதிட்டு ஏன் அடிச்சிருக்கன்னு கேட்டாங்க. அடிச்ச விடைக்கு மார்க் கிடையாதுன்னாங்க."

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்குக் கோபம் வந்திருக்கும் என்றுதான் முகிலன் நினைத்தான்.

"அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா மூக்கையும் எடுக்கச் சொல்லியிருப்பேனே. கோட்டை மட்டும் எடுத்தா இப்படித்தான் ஆகும்."

அப்புறம் தாளில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். கேள்வியையும் சேர்த்து முழு வரியாக எழுத வேண்டும் என்பது சுமதி மிஸ் வைத்திருந்த வழக்கம். நல்ல வழக்கம். ‘7, 15 ஆகியவற்றின் மீ.பெ.கா = 1’ என்று வரி முழுதாக இருந்தது.

"இந்தப் பதினைஞ்சுல இருக்கிற ஒண்ணைப் பாரு. கடைசியில இருக்கிற ஒண்ணைப் பாரு. நாளைக்கு இதை உங்க மிஸ்கிட்ட காட்டு."

"நீங்க வாங்க தாத்தா."

"நான் வந்தா சண்டை போட வந்த மாதிரி இருக்கும். விடை உன்னோடது. நீயே கேளு."

மறுநாள் மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் நின்றான். சுமதி மிஸ் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"என்னடா?"

"மிஸ், எட்டாவது கேள்வி. நான் ஒண்ணுதான் மிஸ் போட்டேன்."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "இது ஏழுடா."

"இல்ல மிஸ்."

"வீட்டுக்குக் கொண்டுபோய் எதாவது மாத்தினியா?"

முகிலனுக்குக் காது சூடாகிவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் விரல் அந்த வரிக்குப் போய்விட்டது.

"மிஸ், இது பதினைஞ்சு. இதை நீங்க எழுபத்தஞ்சுன்னு படிக்கல. அதே ஒண்ணுதான் மிஸ் இங்கயும் இருக்கு. இதோ இது ஏழு. இதுக்கு மேல் கோடு படுத்திருக்கு. ஒண்ணுக்கு ஏறிப்போகுது."

சுமதி மிஸ் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டி 14, 21, 100 என்று மற்ற இடங்களையும் பார்த்தார். கேள்வியில் அச்சாகியிருந்த எண் தெரிந்ததால் அங்கெல்லாம் கண் தானாகவே ஒன்று என்று படித்திருக்கிறது. விடையில் மட்டும் அந்தத் துணை இல்லை. அதோடு நாற்பது தாளில் ஏழு ஏழாகப் பார்த்துப் பழகிய கண்.

"சரி. ஏன் ஒண்ணு?"

"ஏழுக்குக் காரணி ஒண்ணு, ஏழு. பதினைஞ்சுக்கு ஒண்ணு, மூணு, அஞ்சு, பதினைஞ்சு. ரெண்டுலயும் இருக்கிறது ஒண்ணு மட்டும்தான் மிஸ்."

"அந்த மாதிரி ஜோடிக்கு என்ன பேரு?"

முகிலன் யோசித்தான். "மறந்துட்டேன் மிஸ்."

"சார்பகா எண்கள்." சொல்லிக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுத்து, பெருக்கல் குறியை அடித்துவிட்டுச் சரி போட்டார். 31-ஐ 32 ஆக்கிப் பக்கத்தில் இன்ஷியல் வைத்தார். "ஏன்டா ஒண்ணுக்கு இவ்வளவு பெரிய மூக்கு?"

சொன்னான். சிலேட்டு, தாத்தா, ஏழுக்கு நடுவில் கோடு, ஜூனில் கோட்டை எடுக்கச் சொன்னது எல்லாம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அவர் பேனாவை மூடியபடி நின்றார்.

"நான்தான் எடுக்கச் சொன்னேனா?"

"ஆமா மிஸ்."

"சரி, அந்தக் கோட்டைத் திரும்பப் போட்டுக்கோ. நான் அடிச்சதா எடுத்துக்க மாட்டேன். ஆனா ஒண்ணுக்கு மூக்கு வேணாம். நேரா ஒரு கோடு போதும். நாளைக்குப் பப்ளிக் பரீட்சையில உன் தாளைத் திருத்தறவங்களுக்கு உன்னையும் தெரியாது, உங்க தாத்தாவையும் தெரியாது. கூப்பிட்டும் கேக்க மாட்டாங்க. புரியுதா?"

"புரியுது மிஸ்."

"உங்க தாத்தாகிட்ட சொல்லு, கோடு நல்ல யோசனைதான்னு."

மதியம் கணக்கு வகுப்பில் வந்ததும் வராததுமாக அவர் சொன்னார்: "நேத்து எட்டாவது கேள்விக்கு ஒருத்தரும் சரியா எழுதலன்னு சொன்னேன். அது தப்பு. முகிலன் சரியா எழுதியிருந்தான். நான்தான் சரியாப் பார்க்கல. முகிலா, வந்து போர்டுல போட்டுக் காட்டு."

சாக்பீஸை வாங்கியபோது கை லேசாக நடுங்கியது. வரியை எழுதி, சமக்குறி போட்டு, விடையையும் எழுதினான். பின்வரிசையிலிருந்து ஒரே சத்தம். "ஏழுடா அது!"

முகிலன் தள்ளி நின்று பார்த்தான். பழக்கத்தில் மூக்கு வந்திருந்தது. விரல் நுனியால் அதை அழித்தான். 15-இல் இருந்ததையும் அழித்தான். வரியின் தொடக்கத்துக்குப் போய் ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு போட்டான். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "ஏழுக்குக் காரணி ரெண்டு" என்று ஆரம்பித்தான்.