பாதுகாப்புக் குழுக் கூட்டக் குறிப்பு

இடம்: வண்டிப்பெரியாறு தேயிலைத் தொழிற்சாலை, இலை எடை போடும் அறை
நாள்: 12.07.2024, வெள்ளி, பிற்பகல் 3 மணி
வந்திருந்தவர்கள்: தொழிற்சாலை மேலாளர் (தலைமை), எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், இரு ஷிப்ட்களின் சூப்பர்வைசர்கள், தொழிலாளர் பிரதிநிதிகள் மூவர், குழுச் செயலர்.

சென்ற கூட்டக் குறிப்பு வாசித்து ஏற்கப்பட்டது.

ஜூலை 3 இரவு ஷிப்டில் நடந்த விபத்து: சி.டி.சி. மெஷினுக்குக் கீழே ஓடும் கன்வேயரில் ஒட்டியிருந்த தூளைத் தள்ளும்போது, பெல்ட்டுக்கும் டிரம்முக்கும் இடையில் கையுறை சிக்கி, பணியாளரின் வலது ஆள்காட்டி விரல் நுனி நசுங்கியது. தொழிற்சாலைகள் மற்றும் கொதிகலன்கள் துறைக்குத் தகவல் போய்விட்டது. அவர் வீட்டில் ஓய்வில் இருக்கிறார். பேசும்போது அவர் பெயரைச் சொல்ல வேண்டாம், என்ன நடந்தது என்பதை மட்டும் பார்ப்போம் என்று தலைவர் தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டார்.

விசாரணை அறிக்கையை ஃபிட்டர் வாசித்தார். மழை இலை சரியாக வாடாமல் வந்ததால் தூள் பிசுபிசுவென்று பெல்ட்டில் ஒட்டியது. டிரம்மின் மூடி கழுவுவதற்காகக் கழற்றப்பட்டுத் திரும்பப் போடப்படவில்லை. நான்கு போல்ட்டுக்கும் ஸ்பேனர் வொர்க்‌ஷாப்பில்தான் இருக்கிறது, இரவில் அது பூட்டிக்கிடக்கும். ஸ்டாப் சுவிட்ச் மெஷினின் மறுபக்கம்.

"ஓடும்போது ஏன் கை வைத்தார்?" என்று ஒரு சூப்பர்வைசர் கேட்டார். தொழிலாளர் பிரதிநிதி சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "சார், லோடோட நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது மோட்டார் ட்ரிப் ஆகும். எலக்ட்ரீஷியன் அண்ணன் வர்ற வரைக்கும் லைன் முழுக்க நிக்கும். அதனால எல்லா ஷிப்டிலயும் ஓட விட்டுத்தான் தள்றோம்." யாரும் மறுக்கவில்லை. அந்தக் கேள்வி அதோடு கைவிடப்பட்டது. நிறுத்துவதை எப்படி எளிதாக்குவது என்ற பேச்சுக்கே பாதி நேரம் போனது, அது சரிதான்.

மூடியில் சென்சார் வைத்தால் போதும் என்றார் மேலாளர். மூடியைத் திறக்காமல் தூள் எடுக்க வழி இல்லாவிட்டால் சென்சாரைக் கம்பி போட்டு ஏமாற்றிவிடுவார்கள் என்றார் எலக்ட்ரீஷியன். அப்புறம் இரண்டையும் சேர்த்துச் செய்வதென்று முடிவானது: போல்ட்டுக்குப் பதில் கீல் வைத்த மூடி, திறந்தால் கன்வேயர் நிற்கும், பெல்ட்டில் தானாகத் தூளை வழிக்க ஸ்க்ரேப்பர். ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் ஜூலை 31க்குள் முடிப்பார்கள். அதுவரை பழைய மூடி போடாமல் லைன் ஓடாது. ஸ்பேனர் இன்றே இரவு ஷிப்டுக்கு.

கன்வேயர் நெடுக இழுத்தால் நிற்கும் கயிறு சுவிட்ச்: விலை கேட்டு ஆகஸ்ட் 9 கூட்டத்தில் மேலாளர் சொல்வார். லோடோடு ட்ரிப் ஆவதை எலக்ட்ரீஷியன் தனியாகப் பார்ப்பார். தூள் எடுக்க நிறுத்திய நேரம் ஷிப்டின் உற்பத்திக் கணக்கில் குறையாக எழுதப்படாது. எச்சரிக்கைப் பலகை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே உள்ளது. தமிழிலும் எழுத வேண்டும், வாசகத்தைத் தொழிலாளர் பிரதிநிதிகளே தருவார்கள்.

கையுறை வேண்டுமா வேண்டாமா என்பதில் ஒத்த கருத்து வரவில்லை. சுழலும் இடத்தில் அதுவே கையை இழுக்கும் என்கிறார் ஃபிட்டர், கழுவும்போது சி.டி.சி. ரோலர் பல் கிழிக்கும் என்கிறார்கள் பெண் தொழிலாளர்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.

அடுத்த கூட்டம்: 09.08.2024, பிற்பகல் 3 மணி. அதற்கு முன் புதிய மூடியை இரவு ஷிப்டில் குழு நேரில் பார்க்கும்.

ஒப்பம்: தலைவர், செயலர், தொழிலாளர் பிரதிநிதிகள்