போக்குவரத்தில் சேதமடைந்த பொருட்களுக்கான காப்புறுதி நட்டஈட்டுக் கோரிக்கை

புதுக்குடியிருப்பு,
முல்லைத்தீவு மாவட்டம்.
20.10.2025

முகாமையாளர்,
சரக்குக் காப்புறுதி நட்டஈட்டுப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

ஐயா / அம்மணி,

பத்திர இலக்கம் 2025/0417/38: 10.10.2025 அன்று மாங்குளம் – ஒட்டுசுட்டான் வீதியில் சேதமான டைல்ஸ், கொமட், பேசின்

புதுக்குடியிருப்பில் கட்டடப் பொருள் கடை நடத்துகிறேன். மேற்படி பத்திரத்தின் கீழ் கொழும்பிலிருந்து என் கடை வாசல் வரை காப்புறுதி செய்யப்பட்ட சரக்கு வழியில் உடைந்தது. 10ஆம் திகதி காலை 8.15க்கு உங்கள் அவசர இலக்கத்துக்கு அறிவித்தேன். உங்கள் மதிப்பீட்டாளர் 14ஆம் திகதி வந்து பார்த்தார். எண்ணி முடித்த கணக்கோடு இப்போது முறைப்படி எழுதுகிறேன்.

லொறி 9ஆம் திகதி வியாழன் மாலை கொழும்பில் புறப்பட்டது. மறுநாள் விடியப்புறம் 2.40 அளவில், மாங்குளத்திலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீற்றர் தாண்டிய இடத்தில், வீதியில் படுத்திருந்த கட்டாக்காலி மாடுகளைக் கண்டு சாரதி பிரேக் பிடித்து இடப்பக்கம் வெட்டியிருக்கிறார். இடப்பக்கச் சில்லுகள் வடிகானில் இறங்கி லொறி சரிந்தது. யாருக்கும் காயம் இல்லை. மாட்டுக்கும் ஒன்றும் இல்லை என்று கிளீனர் சொன்னார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது காலை 5 மணி. வானம் கறுத்துக் கிடந்தது. காட்போட் பெட்டி நனைந்தால் தூக்கும்போதே அடி கழன்றுவிடும், மிச்சமும் போய்விடும். அதனால் மழைக்கு முன் இரண்டு உழவு இயந்திரப் பெட்டிகளில் பாதிச் சரக்கை இறக்கி ஏற்றி, லொறியையும் இழுத்தெடுத்தோம். இறக்குவதற்கு முன்னரே, சரிந்தபடி இருந்த லொறியைப் படம் எடுத்துவிட்டேன். பகல் 1.30க்கு எல்லாம் கடைக்கு வந்தது. விநியோகச் சீட்டில் “உடைவுகளுடன், எண்ணிக்கை பின்னர்” என்று எழுதித்தான் கையொப்பம் வைத்தேன். சாரதியும் அதன் கீழே கையொப்பமிட்டார்.

எண்ணிய விதத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பெட்டி நசிந்திருந்தால் முழுப் பெட்டியையும் நட்டத்தில் போடவில்லை. திறந்து ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தோம். நல்ல டைல்ஸ் கணீரென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தது ஓட்டை மண்சட்டி போல மந்தமாகச் சத்தம் தரும். இப்படி, சேதமான 57 தரை டைல்ஸ் பெட்டிகளிலிருந்த 228 துண்டுகளில் 171 உடைந்தவை அல்லது கீறியவை, 43 மூலை பெயர்ந்தவை, 14 நல்லவை. நல்ல 14ஐயும் கோரிக்கையில் சேர்க்கவில்லை. சுவர் டைல்ஸில் 19 பெட்டிகளைத் திறந்ததில் 96 துண்டுகள் உடைந்திருந்தன.

நட்டக் கணக்கு (விலைகள் இன்வொய்ஸ்படி, என் கடை வற் வரிக்குப் பதிவு செய்யப்படாதது, ஆகவே விலையில் அடங்கிய வரியை நான் வேறெங்கும் மீளப் பெற முடியாது):

தரை டைல்ஸ் 60×60 சமீ, 214 துண்டு × 1,300 = 278,200 ரூபா
சுவர் டைல்ஸ் 30×60 சமீ, 96 துண்டு × 550 = 52,800 ரூபா
கொமட் செட், 5 × 32,500 = 162,500 ரூபா
பேசின், 6 × 6,800 = 40,800 ரூபா
பொருள் நட்டம் 534,300 ரூபா

லொறிக் கூலியில் சேதப் பங்கு = 23,617 ரூபா
(மொத்த இன்வொய்ஸ் 1,923,000, கூலி 85,000, 85,000 × 534,300 ÷ 1,923,000)
சரக்கைக் காப்பாற்றிய செலவு: உழவு இயந்திரம் 2 × 6,000, கூலியாட்கள் 6 பேர் × 3,000 = 30,000 ரூபா

கழிக்கவேண்டியவை:
மூலை பெயர்ந்த 43 டைல்ஸ், வெட்டி ஓரத்துக்குப் போடலாம், 43 × 400 = 17,200 ரூபா
தாங்கி மட்டும் உடைந்த 2 கொமட்டின் அடிப்பாகம், 2 × 6,500 = 13,000 ரூபா

மீதி 557,717 ரூபா
பத்திரப்படி நான் தாங்கவேண்டிய எக்ஸஸ் 5 வீதம் (குறைந்தது 25,000) = 27,886 ரூபா
கோரும் தொகை 529,831 ரூபா

மேலே நான் கழித்த மீட்பு விலை குறைவு என்று கருதினால், அந்தப் பொருட்களை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் கடைப் பின்புறக் கொட்டிலில் தனியாக அடுக்கி வைத்திருக்கிறேன், உடைந்த துண்டுகள் உட்பட. உங்கள் எழுத்து வரும்வரை ஒன்றையும் எறியமாட்டேன். ஆனால் கொட்டில் எனக்குத் தேவை. மாரி தொடங்கினால் சீமெந்து வைக்க வேறு இடம் இல்லை.

குடிபூரலுக்கு நாள் குறித்துவிட்டு இந்த டைல்ஸுக்காகக் காத்திருந்த ஒரு வாடிக்கையாளர் முற்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். தாமதத்தால் வந்த அந்த நட்டம் பத்திரத்துக்குள் வராது என்று தெரியும். அதைக் கேட்கவில்லை.

உங்கள் அலுவலகத்திலிருந்து 17ஆம் திகதி பேசியவர், பொதி சரியில்லாவிட்டால் கோரிக்கை குறையலாம் என்றார். சரி, பார்ப்போம். டைல்ஸ் தொழிற்சாலைப் பெட்டியிலேயே, நிமிர்த்தி அடுக்கி வந்தவை. கொமட்டுகளுக்கு ரெஜிபோம் மூலைகள் இருந்தன. அதே பொதியில் வலப்பக்கம் இருந்த பெட்டிகளில் ஒன்றுகூட உடையவில்லை. சேதமெல்லாம் லொறி சரிந்த இடப்பக்க வரிசைகளில்தான். பொதி பிழையென்றால் இரண்டு பக்கமும் அல்லவா உடைந்திருக்கும்? ஏற்றிய ஒழுங்கு 3ஆம் இணைப்பின் படங்களில் தெரியும்.

லொறிச் சொந்தக்காரருக்கு 11ஆம் திகதியே எழுத்தில் நட்ட அறிவித்தல் கொடுத்தேன். 16ஆம் திகதி பதில் வந்தது: தன் பிழை இல்லை, ஆனாலும் 50,000 ரூபா தரலாம், “முழுத் தீர்வு” என்று கையொப்பமிடவேண்டுமாம். வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அவரிடம் நீங்கள் அறவிடும் உரிமை என் கையாலேயே போயிருக்கும். நட்டஈடு கிடைத்ததும் அந்த உரிமையை உங்களுக்கு எழுதித் தருகிறேன்.

இணைப்புகள்:

1. காப்புறுதிப் பத்திரமும் இந்தப் பயணத்துக்கான சான்றிதழும் (பிரதி)
2. விற்பனையாளர் இன்வொய்ஸ், பொதிப் பட்டியல் (மூலம்)
3. படங்கள் 46: ஏற்றியபோது 6, விபத்து இடத்தில் 17, கடையில் 23
4. லொறி விநியோகச் சீட்டு, குறிப்புடன் (மூலம்). பிரதி ஒன்று என்னிடம் உண்டு
5. ஒட்டுசுட்டான் பொலிஸ் நிலைய முறைப்பாட்டின் உறுதிப்படுத்திய பிரதி
6. துண்டு துண்டாக எண்ணிய தாள், மதிப்பீட்டாளர் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டது
7. லொறிக் கூலிப் பற்றுச்சீட்டு
8. உழவு இயந்திர, கூலியாள் பற்றுச்சீட்டுகள். கூலியாட்களுக்கு அச்சடித்த பற்றுச்சீட்டு இல்லை. அடையாள அட்டை இலக்கத்துடன் கையொப்பம் வாங்கிய தாள் உள்ளது
9. லொறிச் சொந்தக்காரருக்கு அனுப்பிய கடிதம், பதிவுத்தபால் சீட்டு, அவரது பதில்
10. நிரப்பிய நட்டஈட்டுப் படிவம், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதி

மதிப்பீட்டாளரின் அறிக்கை உங்களுக்கு நேரே வரும் என்று சொன்னார். அவரது எண்ணிக்கை 6ஆம் இணைப்போடு ஒத்துப்போகாவிட்டால், தொகையை வெட்டுவதற்கு முன் எந்த வரியில் வேறுபாடு என்று எழுதுங்கள். 03.11.2025க்குள் கோரிக்கையின் நிலையை எழுத்தில் அறியத்தாருங்கள்; தொலைபேசியில் சொல்வது எனக்குப் பிறகு காட்டுவதற்கு உதவாது.

இங்ஙனம்,
உண்மையுள்ள,

ந. தவராசா
கடை உரிமையாளர்