வெளங்காமப் போவ

மணி ஒன்றரை. நாற்பத்தேழு பக்கத்தில் நாற்பத்தாறு முடிந்து, ஒரு வரி மட்டும் நின்றுவிட்டது. அரசுத் தரப்பு முதல் சாட்சி அ.சா.1, முதல் விசாரணை, பதினோராவது வரி: "மண்ணை வாரித் தூத்தி, நீ வெளங்காமப் போவடான்னாங்க."

பூங்கோதை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். சூரமங்கலம் வீட்டில் இந்நேரத்துக்குக் கேட்பது ஜங்ஷனைத் தாண்டும் சரக்கு வண்டிகள்தான். மொழிபெயர்க்கப் பகலில் வந்த கோர்ட்டு நகல்களைப் பகலிலேயே முடிக்க முடிவதில்லை. கையெழுத்துச் சாட்சியத்தை ஒருமுறை முழுக்கப் படித்து, எழுத்துத் தெளியாத இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, மூலத்தின் பக்க எண்ணை ஓரத்தில் குறித்த பிறகுதான் முதல் வரியைத் தட்டவே முடியும். ரேகை வைத்த இடத்தை விடக் கூடாது. "வாசித்துக் காட்டப்பட்டு சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது" என்ற கடைசி வரியையும் விடக் கூடாது. படிக்க முடியாததைப் படிக்க முடியவில்லை என்றுதான் எழுத வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது. அத்தனையும் ஒழுங்காக முடிந்திருந்தது, இந்த ஒரு வினைச்சொல்லைத் தவிர.

வழக்கு ஏற்காட்டுக்கு மேலே ஒரு சின்னத் தோட்டத்தில் தொடங்கியது. சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிகளை, எல்லைத் தகராறில் அண்ணன் மகன் அடியோடு அறுத்துவிட்டான். நட்ட கொடி காய்ப்புக்கு வர மூன்று வருஷமாவது ஆகும். அறுக்க ஒரு காலை நேரம் போதும். அறுபத்தொரு வயது அத்தை அறுபட்ட தண்டைப் பார்த்தாள், காலடி மண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றினாள், சொன்னாள். அவன் போலீசுக்குப் போனான். நடுவர் நீதிமன்றம் அதைக் கொலைமிரட்டல் என்று எடுத்துக்கொண்டு, இந்திய தண்டனைச் சட்டம் 506, இரண்டாம் பகுதியில் தண்டித்தது. அஸ்தம்பட்டியில் மேல்முறையீடும் தள்ளுபடி. இப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு. அங்கே போகிற தொகுப்பில் தமிழ் ஆவணங்களுக்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து வேண்டும், கடைசியில் "உண்மையான மொழிபெயர்ப்பு" என்ற சான்றும் வேண்டும்.

பதினொன்றே காலுக்கு ஜூனியர் வக்கீல் கூப்பிட்டிருந்தான்.

"அக்கா, இன்னும் அந்த ஒரு வரிதானா?"

"ஆமாப்பா."

"கடவுள் உன்னைக் கேக்கட்டும்ங்கிற மாதிரி போட்ருங்கக்கா. பாவம், கெழவி. நமக்கும் வாதம் பண்ண சுலபமா இருக்கும்."

"கடவுளுன்னு அந்தம்மா சொல்லவே இல்லையேப்பா. நான் கொண்டாந்து சேத்துட்டுக் கீழ கையெழுத்தும் போடறதா?"

அவன் சற்று நேரம் பேசவில்லை. "சரிங்கக்கா, காலையில எட்டு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

அவன் மேல் அவளுக்குக் கோபமில்லை. அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. மிரட்டலில் தீங்கைச் செய்யப்போகிறவன் பேசுகிறவன். சாபத்தில் பேசுகிறவளுக்குக் கையில் மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்வது வக்கீலின் வேலை. அது தெரியும்படி வரியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவளுடையது.

இதுவரை எழுதி அடித்தவை காகிதத்தில் வரிசையாக இருந்தன. முதலில் 'கர்ஸ் யூ'. அதில் சபிக்கிறவள் முன்னால் வந்து நிற்கிறாள், மூலத்தில் 'நான்' என்ற பேச்சே இல்லை. 'டேம் யூ' நரகத்தைக் கூட்டி வருகிறது. மிளகுத் தோட்டத்தில் நின்ற அத்தைக்கு அந்த நரகம் தெரியாது. 'யூ வில் பி ருயின்ட்' என்றால் ஏற்கெனவே கட்டி நின்றது இடிவது. வெளங்காமப் போவது இடிவதல்ல, துலங்காமலே போவது: போட்டது முளைக்காது, கட்டினது நிலைக்காது, வீட்டில் விளக்கெரியாது. அதிலும் 'பி ருயின்ட்' என்றதும் நாசம் செய்யப்போவது யார் என்ற கேள்வி எழும். பதில் கூண்டில் நிற்கிறவள் மேல் போய் விழும். 'மே யூ நெவர் த்ரைவ்' கிட்டத்தட்ட வந்தது. த்ரைவ் நல்ல சொல், செடிக்கும் குடும்பத்துக்கும் ஆகும். ஆனால் 'மே' போட்டால் அது வேண்டுதலாகிவிடும். அந்தம்மா 'போக' என்று வேண்டவில்லை, 'போவ' என்று சொன்னாள். நடந்தே தீரும் என்கிற எதிர்காலம் அது. 'யூ வில் கம் டு நத்திங்' காலத்தைக் காப்பாற்றியது, செய்கிறவரையும் வெளியே வைத்தது. அதை நான்கு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பாடம் படிக்காத பையனை வாத்தியார் திட்டுகிற அளவில்தான் அது நின்றது. மண் அதில் இல்லை, வம்சம் இல்லை.

லெக்சிகனைப் புரட்டினாள். விளங்கு என்பதற்கு ஒளிவிடுதல் உண்டு, தெளிவாதல் உண்டு. அதிலிருந்து பிறந்ததுதான் விளக்கு. பாத்திரத்தைத் துலக்குவதும் விளக்குவதுதான், சொல்லிப் புரியவைப்பதும் விளக்குவதுதான். ஒரே சொல்லுக்குள் பளிச்சென்ற சொம்பும், எரிகிற திரியும், புரிகிற பேச்சும், தழைக்கிற குடியும். இவை நாலையும் ஒரே மூச்சில் இல்லாமல் செய்ய ஆங்கிலத்தில் அவளுக்கு ஒரு வினைச்சொல் கிடைக்கவில்லை.

இரண்டரைக்குத்தான் அ.சா.ஆ.1-ஐ மறுபடி எடுத்தாள். காவல் நிலையத்தில் எழுதிய புகார் அது. மாலையிலேயே அதை மொழிபெயர்த்திருந்தாள், மூலத்தைச் சரிபார்க்கத்தான் இப்போது எடுத்தது. புகாரில் இருந்தது: "உன்னை விளங்காமல் செய்துவிடுவேன் என்று மிரட்டினார்."

செய்துவிடுவேன். சாட்சியத்தில் போவ.

கீழ் நீதிமன்றத்தில் யாரோ அவசரத்துக்குச் செய்து வைத்திருந்த பழைய ஆங்கில நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு இடத்திலும் 'ருயின்'தான் உட்கார்ந்திருந்தது. தமிழில் தன்வினையும் பிறவினையுமாகப் பிரிந்து நின்றவை ஆங்கிலத்தில் ஒன்றாகிவிட்டன. ஆங்கிலத்தை மட்டும் படிக்கிறவருக்குப் புகாரும் சாட்சியமும் அச்சு அசலாக ஒத்துப்போகும். ஒரு சொல்லுக்கு ஒரே இணை என்று பிடித்துக்கொண்டால் வருகிற கேடு இதுதான். வேர் ஒன்றானாலும் விகுதி சொல்வது வேறு.

இத்தனை நேரம் அழகான ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்ததை அத்தோடு விட்டாள். சாட்சிய வரியில் மூலச் சொற்களையே ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டினாள். பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் நேர்ப்பொருள்: 'நீ ஒளிராமல், தழைக்காமல் போவாய்' என்பதற்கான ஆங்கிலம், 'ஷைன்', 'த்ரைவ்' இரண்டையும் சாய்கோடு போட்டு. அடிக்குறிப்பு இரண்டே வரி: வினை தன்வினை, எழுவாய் முன்னிலை ஒருமை, எதிர்காலம், செய்பவர் குறிக்கப்படவில்லை. வழக்கில் சாபமாக வழங்கும் தொடர் என்று எழுதலாமா என்று யோசித்து, அதை விட்டுவிட்டாள். அது அபிப்பிராயம். இலக்கணம் அபிப்பிராயமல்ல.

பிறகு மாலையில் முடித்த புகாருக்குத் திரும்பி, அங்கேயும் அதே முறையில் மூலத்தை வைத்து, 'நான் உன்னை அவ்வாறு ஆக்குவேன்' என்று வருமாறு ஆங்கிலத்தைத் திருத்தினாள். கிழவிக்கு அது பாதகமான வரி. இருந்தாலும் புகாரில் அப்படித்தான் இருக்கிறது. இரண்டு வரிக்கும் வேர் ஒன்றே என்பது தெரிய ஒலிபெயர்ப்பில் 'வெளங்', 'விளங்' இரண்டையும் உள்ளபடியே விட்டாள். பேச்சும் எழுத்தும் வேறுபடுகிற இடத்தை அவள் சமப்படுத்தக் கூடாது.

எட்டு மணிக்கு வந்த ஜூனியர் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தான்.

"இணையான வார்த்தையே கெடைக்கலையாக்கா?"

"கெடைக்கலப்பா. பக்கம் மூணையும் பக்கம் பதினாலையும் சேத்து வெச்சுப் படி."

அவன் படித்தான். முதலில் மூன்று, அப்புறம் பதினாலு, மறுபடியும் மூன்று. பேனாவைத் திறந்து இரண்டு ஓரத்திலும் கோடு போடப் போனவனை அவள் தடுத்தாள்.

"இதுல போடாத, கோர்ட்டுக்குப் போற பிரதி. ஜெராக்ஸ் எடுத்து அதுல போட்டுக்க."