குறுகிய காலத் தங்கலுக்கான அனுமதி உரிம ஒப்பந்தம்

2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 3ஆம் தேதி, வேலூர் சத்துவாச்சாரி, 2ஆம் குறுக்குத் தெரு, 14ஆம் எண் வீட்டின் உரிமையாளர் சு. மீனாட்சி (இனி 'உரிமையாளர்') அவர்களும், திருவண்ணாமலையில் சொந்த வீட்டில் வசிக்கும் க. இளங்கோவன் (இனி 'உரிமம் பெற்றவர்') அவர்களும் சம்மதித்து எழுதிக்கொண்ட ஒப்பந்தம்.

உரிமம் பெற்றவரின் தாயார் வேலூரில் சிகிச்சை பெறுகிறார். அதற்குத் துணையாக இருவரும் தங்க இடம் கேட்டதால், உரிமையாளர் தாம் குடியிருக்கும் இவ்வீட்டின் மாடியில் ஓர் அறை, சமையலறை, குளியலறை ஆகியவற்றைப் பயன்படுத்த அனுமதிக்கிறார். மாடியிலுள்ள பூஜையறையும் மர பீரோவும் இதில் சேரா. அவை உரிமையாளர் பூட்டிலேயே இருக்கும்.

1. அனுமதி 3.2.2025 முதல் 19.3.2025 வரை 45 நாட்களுக்கு மட்டும். சிகிச்சை நீண்டால் புதிதாக எழுத்தில் அனுமதி பெற வேண்டும், வாய்ப்பேச்சு போதாது.

2. இது 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைகள் சட்டம் 52ஆம் பிரிவின்படியான உரிமம் மட்டுமே. குத்தகையோ வாடகைதாரர் உரிமையோ வீட்டில் வேறெந்தப் பாத்தியமோ இதனால் உண்டாகாது. அனுபவமும் கட்டுப்பாடும் உரிமையாளரிடமே உள்ளன. அதன்படி மாடிக் கதவின் ஒரு சாவி அவரிடம் இருக்கும். தொட்டி பார்க்க, பழுது நீக்க அவர் வந்து போகலாம். ஆனால் நோயாளி இருப்பதால் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டே வருவார்.

3. தங்கல் கட்டணம் ரூ.27,000 முழுவதும் இன்று பெறப்பட்டது. பிணைத்தொகை ரூ.10,000 வட்டியின்றி, காலி செய்யும் நாளிலேயே, மின்கட்டணமும் சேதமும் கழித்துத் திருப்பித் தரப்படும். மாடி மீட்டரில் இன்றைய அளவு 4,812. இருவரும் சேர்ந்து பார்த்தோம்.

4. இந்த முகவரியை ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் பட்டியல், கேஸ் இணைப்பு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. உள்வாடகைக்கு விடவோ வேறு ஆளைக் குடிவைக்கவோ கூடாது. தாயாரைப் பார்க்க வரும் உறவினர் பகலில் தாராளமாக வரலாம். இரவு தங்குவதென்றால் முன்பே சொல்ல வேண்டும்.

5. நிபந்தனை மீறினால் 7 நாள் எழுத்து அறிவிப்பில் உரிமம் ரத்தாகும். உரிமம் பெற்றவர் முன்கூட்டியே புறப்பட்டால் மீதி நாட்களுக்கு நாளொன்றுக்கு ரூ.600 திருப்பித் தரப்படும்.

6. கெடு முடிந்ததும் பொருட்களை எடுத்துக்கொண்டு சாவியை ஒப்படைக்க வேண்டும். அதற்குமேல் தங்கினால் நாளொன்றுக்கு ரூ.1,200 இழப்பீடு. அதைப் பெற்றுக்கொள்வது வாடகை வாங்கியதாகவோ அனுமதியை நீட்டித்ததாகவோ ஆகாது. அப்போதும் உரிமையாளர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த மாட்டார். சட்டப்படியே நடவடிக்கை எடுப்பார்.

மேற்கண்டவற்றைப் படித்துப் பார்த்து, சரியெனப் புரிந்துகொண்டு, மனப்பூர்வமாகக் கையொப்பமிட்டோம்.

(ஒப்பம்) சு. மீனாட்சி, உரிமையாளர்
(ஒப்பம்) க. இளங்கோவன், உரிமம் பெற்றவர்

சாட்சிகள்:
(ஒப்பம்) ப. தனலட்சுமி, சத்துவாச்சாரி
(ஒப்பம்) மு. சேகர், திருவண்ணாமலை