புதிய டெப்லட்: விலைக்கும் வசதிகளுக்கும் இடையிலான தெரிவு பற்றிய பகுப்பாய்வு அறிக்கை

மட்டக்களப்பு நகர், கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய நமது மூன்று கிளைகளிலும் அறிமுகப்படுத்தவுள்ள 10 அங்குல டெப்லட்டை எந்த வசதிகளுடன் கொள்வனவு செய்து, எந்த விலையில் விற்பது என்பதைத் தீர்மானிப்பதற்காக இந்த ஆய்வு நடத்தப்பட்டது. "உங்களுக்கு எது முக்கியம்?" என்று நேரடியாகக் கேட்டால் எல்லாமே முக்கியம் என்ற பதிலே கிடைக்கும். ஆகவே, ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய முழுமையான மாதிரிகளைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை புள்ளியிடச் செய்யும் கன்ஜொயின்ட் முறையைப் பின்பற்றினோம்.

விலை, இணைப்பு, பற்றரி, சேமிப்பு ஆகிய நான்கு பண்புகளுக்கும் மூன்று மூன்று நிலைகள் இருப்பதால் 81 சேர்க்கைகள் உருவாகின்றன. அத்தனையையும் ஒருவரிடம் காட்ட முடியாது என்பதால், ஒவ்வொரு நிலையும் மூன்று முறை வருவதும், எந்த இரு பண்புகளின் நிலைகளும் ஒரே அளவில் சந்திப்பதுமான 9 அட்டைகளைத் தெரிந்தெடுத்தோம். பாடசாலை மாணவரின் பெற்றோர் 80 பேர், பல்கலைக்கழக மாணவர் 60 பேர், கடை நடத்துவோர் 40 பேர் என 180 பேர் புள்ளியிட்டனர். மொத்தச் சராசரி 5.4 ஆகும். ஒவ்வொரு நிலையின் சராசரியிலிருந்து இதைக் கழித்துப் பெற்ற பெறுமதிகள் வருமாறு:

| பண்பு | நிலைகளும் பெறுமதிகளும் | வீச்சு |
|---|---|---|
| விலை (ரூபா) | 45,000: +1.3, 60,000: +0.4, 75,000: −1.7 | 3.0 |
| இணைப்பு | வைஃபை மட்டும்: −1.6, டேட்டா சிம்: +0.7; அழைப்பும் எடுக்கும் சிம்: +0.9 | 2.5 |
| பற்றரி | 6 மணித்தியாலம்: −0.8, 9: +0.2, 12: +0.6 | 1.4 |
| சேமிப்பு | 64 ஜீபி: −0.4, 128: +0.1, 256: +0.3 | 0.7 |

வீச்சுகளின் கூட்டுத்தொகையான 7.6 இல் விலைக்கு ஏறத்தாழ 39 வீதமும் இணைப்புக்கு 33 வீதமும் சேருகின்றன. இங்கு மிகுந்த கவனத்துக்குரியது இணைப்பே. 45,000 இலிருந்து 60,000 ரூபாவுக்கு விலை ஏறும்போது இழக்கப்படுவது 0.9 மட்டுமே, வைஃபை மட்டுமுள்ள கருவி டேட்டா சிம் உள்ளதாக மாறும்போது கிடைப்பதோ 2.3. அதற்கான காரணத்தைப் பெற்றோரே விளக்கினர்: வீட்டில் ரவுட்டர் இல்லாத பிள்ளை தகப்பனின் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் எடுத்துப் படிக்கிறது; தகப்பன் வேலைக்குப் புறப்பட்டதும் வகுப்பு இடையிலேயே நின்றுவிடுகிறது. மலிவான வைஃபை மாதிரியைக் கொண்டுவந்தால் விற்றுத் தீரும் என்ற நமது ஆரம்ப எண்ணத்தை இந்த முடிவு ஆதரிக்கவில்லை.

அழைப்பு வசதியுள்ள சிம்மின் +0.9 என்ற சராசரியை அப்படியே நம்பக் கூடாது. கடைக்காரர் அதற்கு +1.8 உம் டேட்டா சிம்முக்கு +0.4 உம் அளித்துள்ளனர். பெற்றோரோ டேட்டா சிம்முக்கு +1.0 அளித்து, அழைப்பு வசதிக்கு +0.6 ஆகக் குறைத்துவிட்டனர். பிள்ளையின் கையில் இன்னொரு போனைக் கொடுப்பதாக அவர்களில் பலர் அதைக் கருதினர்.

சேமிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 128 இலிருந்து 256 ஜீபிக்குச் செல்வதன் பெறுமதி 60,000 ரூபாவுக்கு மேற்பட்ட விலையில் ஏறத்தாழ 1,400 ரூபாவே. நமக்கு ஏற்படும் மேலதிகச் செலவு 4,000 ரூபா.

60,000 ரூபா, டேட்டா சிம், 12 மணித்தியாலப் பற்றரி, 128 ஜீபி என்ற சேர்க்கையும், 45,000 ரூபா, டேட்டா சிம், 9 மணித்தியாலம், 64 ஜீபி என்ற சேர்க்கையும் +1.8 என்ற ஒரே பெறுமதியைப் பெறுகின்றன. வாடிக்கையாளரின் விருப்பம் சமமாக இருக்கும்போது கொள்முதல் செலவே தீர்மானிக்க வேண்டும்: இரண்டுக்குமிடையிலான விற்பனை விலை வேறுபாடு 15,000 ரூபாவாக இருக்க, செலவு வேறுபாடு 8,500 ரூபா மட்டுமே என்பதால், முதலாவது சேர்க்கை ஒரு கருவிக்கு 6,500 ரூபா கூடுதலாக மீதப்படுத்துகிறது. எல்லா உயர் வசதிகளும் கொண்ட 75,000 ரூபா மாதிரியின் பெறுமதி +0.1 மட்டுமே.

கணிப்பில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்த சோதனை அட்டைக்கு 6.8 எதிர்பார்க்கப்பட்டது, கிடைத்தது 6.6. ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். பண்புகளின் பெறுமதிகள் ஒன்றோடொன்று கூடும் என்றே இம்முறை கொள்கிறது. ஆனால் மிகக் குறைந்த விலையில் மிக உயர்ந்த வசதி காட்டிய அட்டையைச் சிலர் சந்தேகத்துடன் பார்த்துப் புள்ளியைக் குறைத்தனர். அத்துடன், உத்தரவாதத்தை நாம் ஒரு பண்பாகச் சேர்க்கவில்லை. கல்முனையில் பலர், "பழுதானால் இங்கேயே திருத்தித் தருவீர்களா?" என்று கேட்ட பின்னரே அட்டையைக் கையில் எடுத்தனர்.

எனவே முதற் கொள்வனவில் பெரும்பகுதியை 60,000 ரூபா டேட்டா சிம் மாதிரிக்கு ஒதுக்கி, அதே கருவியை அழைப்பு வசதியுடன் 63,000 ரூபாவுக்குக் கடைக்காரருக்கென ஒரு சிறு தொகையாக எடுக்குமாறு பரிந்துரைக்கிறோம். மேலதிக 3,000 ரூபாவால் இழக்கப்படும் 0.4 ஐ அவர்கள் அந்த வசதியில் காணும் 1.4 தாராளமாக ஈடுசெய்கிறது. வைஃபை மட்டுமுள்ள மாதிரியையும் 75,000 ரூபா மாதிரியையும் இம்முறை தவிர்க்கலாம். இரண்டாவது கொள்வனவுக்கு முன், உள்ளூர்த் திருத்த வசதியுடன் கூடிய உத்தரவாதத்தை ஐந்தாவது பண்பாகச் சேர்த்து இதே ஆய்வை மீண்டும் நடத்த அனுமதி கோருகிறோம்.