வியாழக்கிழமை மீட்டிங்: காவடிக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆர்டர் சிஸ்டம் நின்னது பத்தி பேசலாம், எல்லாரும் வாங்க

எல்லாருக்கும் வணக்கம்,

வர்ற வியாழக்கிழமை மத்தியானம் 2.30 மணிக்கு எபேன் ஆஃபீஸ் ரெண்டாவது மாடி ரூம்ல உக்காரலாம்னு இருக்கோம், சென்னை டீமுக்கு அது 4 மணி, அவங்க வீடியோ கால்ல வந்துடலாம். 2.30 வச்சதுக்கு காரணம் அந்த நேரம் லாரி எல்லாம் வெளிய போயிருக்கும், கோடவுன் ஆளுங்களும் வர முடியும். அவங்க இல்லாம இந்த மீட்டிங் போடறதுல அர்த்தமே இல்ல, ஏன்னு கீழ சொல்றேன்.

நடந்தது சுருக்கமா. ரிப்போர்ட்டுக்காக வச்சிருந்த ரெண்டாவது டேட்டாபேஸ் சர்வரை செலவு குறைக்க செவ்வாய்க்கிழமை ஆஃப் பண்ணினோம். ஆனா அந்த சர்வர் எது வரைக்கும் டேட்டா வாங்கியிருக்குன்னு மெயின் சர்வர் குறிச்சு வச்சுக்கற ரெப்ளிகேஷன் ஸ்லாட் அப்படியே இருந்துச்சு. போஸ்ட்க்ரெஸ் என்ன பண்ணும்னா, அந்த சர்வர் என்னிக்காவது திரும்பி வந்து கேக்கும்னு டேட்டாபேஸ்ல நடக்கற ஒவ்வொரு மாத்தத்தையும் எழுதி வைக்கற பழைய WAL ஃபைல் ஒண்ணையும் அழிக்காம சேத்து வச்சுக்கிட்டே இருக்கும். `max_slot_wal_keep_size` டீஃபால்ட்டா -1, அதாவது வரம்பே கிடையாது. காவடி ஆர்டர் குமியக் குமிய டிஸ்க் ரொம்பி வெள்ளிக்கிழமை காலைல 10.50க்கு டேட்டாபேஸ் நின்னுடுச்சு, 12.35க்குத்தான் திரும்ப வந்துச்சு. இத ஓட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், ஆனா ஓட்டணும்னு யாருக்கும் தோண காரணமே இல்ல:

```sql
SELECT slot_name, active, restart_lsn
FROM pg_replication_slots;
```

போன வாரத்துலேர்ந்து "யாரு ஆஃப் பண்ணது"ன்னு ரெண்டு மூணு பேர் கேட்டுட்டாங்க. பதில் லாக்லயே இருக்கு, அதத் தெரிஞ்சுக்க ஒன்றரை மணி நேரம் மீட்டிங் எதுக்கு? டிக்கெட் இருந்துச்சு, அப்ரூவல் இருந்துச்சு, செக்லிஸ்ட்ல இருந்த எல்லாத்தையும் டிக் பண்ணியிருக்காங்க. ஸ்லாட்டை தூக்கணும்னு அந்த செக்லிஸ்ட்ல ஒரு வரி கூட இல்ல. அந்த இடத்துல நம்மள்ல யாரு உக்காந்திருந்தாலும் அதே பட்டனத்தான் அமுக்கியிருப்போம்.

நான் தெரிஞ்சுக்க நினைக்கிறது வேற. வியாழக்கிழமை ராத்திரி டிஸ்க் 80% அலர்ட் வந்திருக்கு, பாத்தவங்க பழைய லாக் ஃபைல் அழிச்சு இடம் பண்ணியிருக்காங்க, அலர்ட் அடங்கிடுச்சு. அந்த நேரத்துக்கு அது சரியான வேலைதான். அப்போ ஸ்க்ரீன்ல என்ன தெரிஞ்சுது, என்ன தெரியல? இன்னொண்ணு, சிஸ்டம் நிக்கறதுக்கு 35 நிமிஷம் முன்னாடியே, 10.15க்கு, போர்ட் லூயி கோடவுன்லேர்ந்து அக்கா ஒருத்தங்க "ஸ்க்ரீன் சுத்திக்கிட்டே இருக்கு, தேங்கா ஆர்டர் சேவ் ஆக மாட்டேங்குது"ன்னு வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டிருக்காங்க. அதுக்கு மேலயும் கீழயும் லாரி ஃபோட்டோ, குட் மார்னிங், பூ படம், மெசேஜ் காணாமப் போச்சு. நம்ம மானிட்டரிங்க விட அவங்க சீக்கிரம் கண்டுபிடிச்சிருக்காங்க, அந்த தகவல் ஏன் எபேனுக்கு வந்து சேரல? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. நல்லா நடந்ததும் பேசணும், சப்போர்ட் டீம் உடனே நோட்டுல ஆர்டர் எழுத ஆரம்பிச்சதாலதான் நிறைய கடைக்கு சாமான் போச்சு (சிலருக்கு டபுளாவும் போச்சு, எலுமிச்சம்பழத்த என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு கடைக்காரர் சிரிக்கறார், அந்த பில் விஷயத்த ஃபைனான்ஸ் தனியா பாக்கறாங்க).

ஹெச்ஆர் வர மாட்டாங்க, ரெக்கார்டிங் கிடையாது, குறிப்புல பேர் இருக்காது, "சப்போர்ட்", "ஆன்கால்"னு மட்டும்தான் எழுதுவோம். அப்ரைசல்ல இத யாரும் தொட மாட்டாங்கன்னு டைரக்டர்கிட்ட கேட்டு சரின்னு வாங்கிட்டேன். விமானிங்களுக்காக நாசா 1976லேர்ந்து நடத்தற ரிப்போர்ட் சிஸ்டம்லயும் பேர எடுத்துட்டுத்தான் வச்சுக்கறாங்க, அப்பதான் ஆளுங்க உள்ளத சொல்றாங்க. மேனேஜருங்களுக்கு ஒரு வேண்டுகோள், தப்பா எடுத்துக்காதீங்க சார், நீங்க கடைசியா பேசுங்க. நீங்க முதல்ல பேசினா மத்தவங்க வாய மூடிப்பாங்க.

"இத பண்ணியிருக்கலாமே"ங்கற பேச்சு வந்தா நானே நிறுத்துவேன், மூஞ்சி சுளிக்காதீங்க. என்னென்ன மாத்தணும்ங்கற லிஸ்ட்டும் அன்னிக்கு போட மாட்டோம், அது அடுத்த வாரம். முதல்ல என்ன நடந்துச்சுன்னு ஒழுங்கா புரியட்டும்.

டைம்லைன் டாக்குமெண்ட் ஷேர்டு ஃபோல்டர்ல இருக்கு, திங்கக்கிழமைக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்சத சேருங்க, தமிழோ கிரியோலோ எதுலனாலும் சரி. அந்த நாள் வாட்ஸ்அப் மெசேஜ், ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழிக்காதீங்க. கூட்டத்துல பேச தயக்கமா இருந்தா எனக்கு தனியா ஃபோன் பண்ணுங்க, நான் பேர் சொல்லாம சேத்துடறேன்.

வர்றீங்களா இல்லையான்னு செவ்வாய்க்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, கத்தோ பிமா ஆர்டர் பண்ணணும். சென்னை ஆளுங்க பஜ்ஜிய நீங்களே பாத்துக்கோங்க.